ஒரே நாளில் ஆறு பேர், இரண்டு பேனல்: இன்டர்வியூ நாளுக்கு நேரம் போடுவது எப்படி

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலைக்கு இரண்டு பேரை எடுக்க வேண்டியிருந்தபோது போட்ட அட்டவணையை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம், பேனல் பெரிதாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

அதற்கு முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று பத்துப் பேருக்கு ஒருவர்பின் ஒருவராக அரை மணி நேர ஸ்லாட் போட்டிருந்தேன். நடுவில் சாப்பாட்டு இடைவேளை மட்டும்தான். மாலை மூன்றே முக்காலுக்கு உள்ளே போக வேண்டிய பையன் ஆறேகாலுக்குப் போனான். திண்டுக்கல்லிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்தவன். பேனலில் இருந்த மூன்று பேரில் ஒருவர் கிளம்பிவிட்டார், மற்ற இருவரும் களைத்துப் போயிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் அவனை அனுப்பிவிட்டார்கள். காலையில் முதலில் வந்தவருக்கு நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்திருந்தது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டபோது "பரவாயில்லைங்க மேடம்" என்றான். பரவாயில்லாத விஷயம் இல்லை அது. தவறு பேனலுடையது அல்ல, என் அட்டவணையுடையது.

தாமதம் சேரும், மிச்சம் சேராது

இன்டர்வியூ நாள் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒருவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் போனால் அடுத்தவர் பத்து நிமிடம் தாமதமாக உள்ளே போவார். ஆனால் ஒருவர் பத்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டால் அடுத்தவர் முன்னதாகப் போக முடிவதில்லை. அவர் இன்னும் கேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், அல்லது பஸ்ஸில் இருப்பார். பேனல் சும்மா உட்கார்ந்திருக்கும், அந்தப் பத்து நிமிடம் வீணாகப் போய்விடும்.

அதனால்தான் "ஒருவருக்குச் சராசரியாக நாற்பத்தைந்து நிமிடம், ஆகவே நாற்பத்தைந்து நிமிட ஸ்லாட்" என்று தொடர்ச்சியாகப் போட்டால் கணக்குத் தப்புகிறது. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், சரியாகப் போய்விடும் என்று தோன்றும். கூடுவது அட்டவணையில் தங்கிவிடும், குறைவது தங்காது. இந்த ஏற்றத்தாழ்வை இரண்டு வழியில் சமாளிக்கலாம். ஒன்று, நாளின் சரியான இடங்களில் காலி நேரம் விடுவது. மற்றொன்று, விண்ணப்பதாரரை ஸ்லாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வரச் சொல்லி, மிச்சமாகும் நிமிடங்களையும் பயன்படுத்துவது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

முதல் படி: பேனலின் நேரத்தைச் சரியான கேள்வி கேட்டு வாங்குவது

"சனிக்கிழமை ஃப்ரீயா சார்?" என்று கேட்டால் "ஃப்ரீதாம்மா" என்றுதான் பதில் வரும். அது உண்மையான பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: "காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரைக்குள் உங்களை யார், எதற்காக அறையை விட்டு வெளியே கூப்பிடுவார்கள்?" இப்படிக் கேட்டால்தான் தினமும் நடக்கிற வேலைகள் வெளியே வரும்.

எங்கள் கதையில் முதல் சுற்றுக்கு மெயின்டனன்ஸ் ஹெட்டும் ஒரு சீனியர் இன்ஜினியரும். இரண்டாம் சுற்றுக்கு பிளான்ட் மேனேஜரும் ஹெச்ஆர் மேலாளரும். மெயின்டனன்ஸ் ஹெட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது என்றார். ஒன்றே முக்காலிலிருந்து இரண்டேகால் வரை இரண்டு ஷிஃப்ட் சூப்பர்வைசர்களும் அவரைத் தேடி வருவார்கள். எந்த மெஷின் நின்றது, எந்த பேரிங் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் கை மாறும். அந்த நேரத்தில் அவர் முன்னால் ஒரு விண்ணப்பதாரரை உட்கார வைத்தால் போன் நான்கு முறை அடிக்கும். ஆகவே அவருடைய சாப்பாட்டு நேரத்தை ஒன்றேகாலிலிருந்து இரண்டேகால் வரை என்று வைத்துவிட்டேன். ஷிஃப்ட் மாற்றம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

பிளான்ட் மேனேஜருக்குக் காலையில் உற்பத்திக் கூட்டம் இருக்கிறது. பதினொன்று முதல் ஒன்று வரை, பிறகு இரண்டரை முதல் ஐந்து வரை, இவ்வளவுதான் தருவார். பதினொன்றுக்கு முன் அவரைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. "சீக்கிரம் முடித்தால் வந்துவிடுகிறேன்" என்று சொல்வார். அதை நம்பி ஸ்லாட் போடாதீர்கள்.

தேதியைப் பொறுத்தவரை, மாதத்தின் கடைசி வாரம் வேண்டாம். டெஸ்பாட்ச் நெருக்கடியில் யாரும் மனம் ஊன்றிக் கேட்க மாட்டார்கள். சனிக்கிழமை நல்லது, ஏனென்றால் வேறு இடத்தில் வேலையில் இருப்பவர்களில் பலரால் லீவு போடாமல் வர முடியும். வெள்ளிக்கிழமையே வைக்க வேண்டி வந்தால், பேனலிலோ விண்ணப்பதாரர்களிலோ ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரையிலான ஸ்லாட்டை அவர்களுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பேனல் உறுப்பினருக்கும் ஒரு மாற்று ஆளின் பெயரையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஒரு முக்கியமான மெஷின் நின்றுவிட்டால் மெயின்டனன்ஸ் ஹெட் போய்த்தான் ஆக வேண்டும். அந்த நிமிடத்தில் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும். மாற்று ஆளுக்கும் கேள்வித்தாள் முன்பே கையில் இருக்க வேண்டும்.

நேரம் உறுதியானதும், விண்ணப்பதாரர் பெயர் முடிவாகும் வரை காத்திருக்காமல், பேனலின் காலண்டரில் முழு நாளையும் அடைத்துவிடுங்கள். பெயர்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒரு ஸ்லாட்டுக்குள் என்னென்ன இருக்கிறது

முப்பது நிமிடம் பேச வேண்டும் என்றால் ஸ்லாட் முப்பது நிமிடம் இல்லை. எங்கள் முதல் சுற்றை இப்படிப் பிரித்தோம். பேனல் கேட்பதற்கு முப்பது நிமிடம். விண்ணப்பதாரர் எங்களைக் கேட்பதற்கு ஐந்து. அவர் வெளியே போனதும் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுத ஐந்து. அடுத்தவர் உள்ளே வந்து உட்கார, தண்ணீர் குடிக்க, பேனல் அவருடைய ரெஸ்யூமேவைப் புரட்ட ஐந்து. ஆக நாற்பத்தைந்து.

மதிப்பெண் எழுதும் ஐந்து நிமிடத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது எங்கேயும் மறைந்துவிடாது. அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகு அவர் பேசும்போதே முந்தையவரின் தாளில் எழுதிக்கொண்டிருப்பார்கள், அல்லது மாலையில் ஆறு முகமும் ஒன்றோடொன்று கலந்துபோகும். இன்னொன்று, எழுதும் முன் இருவரும் அந்த ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி வையுங்கள். ஹெட் "நல்லா பண்ணிட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இளையவரின் பேனா அதைத்தான் எழுதும். பேசாமல் எழுதினால் நேரமும் மிச்சமாகும்.

இரண்டாம் சுற்று சிறியது. பேச்சு இருபது நிமிடம், அவருடைய கேள்விகளுக்கு ஐந்து, எழுத ஐந்து, மொத்தம் முப்பது.

மூன்றாம் படி: எத்தனை பேரைக் கூப்பிடலாம்

முதலில் ஆட்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நேரத்தை அடைக்கப் பார்ப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள். ஒன்பதரை முதல் ஐந்து வரை 450 நிமிடம். அதில் சாப்பாடு 60, இரண்டு டீ இடைவேளை சேர்த்து 30, கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க 30. கழித்தால் மிச்சம் 330.

330-ஐ 45-ஆல் வகுத்தால் ஏழு பேர் வருகிறார்கள், 15 நிமிடம் மீதி. இங்கேதான் எல்லோரும் ஏழு பேரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து 15 நிமிடம்தான் தாங்கும் சக்தி என்றால், முதல் இரண்டு பேரிலேயே அது தீர்ந்துவிடும். ஆறு பேர் என்றால் 270 நிமிடம், காலி நேரம் 60. ஒரு ஆளுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் நாள் தாங்கும். நான் ஆறுக்கு மேல் போக மாட்டேன். ஒரே பேனல் ஒரு நாளில் ஏழாவது ஆளை முதல் ஆளைக் கவனித்த மாதிரி கவனிப்பதை நான் பார்த்ததில்லை.

எங்களிடம் ஒன்பது ரெஸ்யூமே இருந்தது. இரண்டு நாள் முன்னதாக ஒவ்வொருவருடனும் பதினைந்து நிமிடம் போனில் பேசினோம். இருவர் ஷிஃப்ட் வேலைக்குத் தயாராக இல்லை, ஒருவர் கேட்ட சம்பளம் எங்கள் எல்லைக்கு வெளியே. ஆறு பேர் மிஞ்சினார்கள். போன் பேச்சு முடிந்தும் எட்டுப் பேர் மிஞ்சியிருந்தால் இன்னொரு அரை நாள் கேட்டிருப்பேனே தவிர, இந்த நாளுக்குள் திணித்திருக்க மாட்டேன்.

நான்காம் படி: இரண்டு பேனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைவது

ஒரு தாளில் இடதுபக்கம் முதல் சுற்று, வலதுபக்கம் இரண்டாம் சுற்று என்று வரையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியாகத் தெரியும். பக்கத்தில் வைத்தால்தான் முட்டல் தெரியும். முதலில் நான் பிற்பகலில் ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் டீ இடைவேளை வைத்திருந்தேன். அதனால் ஆறாவது ஆளின் முதல் சுற்று நான்கு மணிக்கு முடிந்தது, அவருடைய இரண்டாம் சுற்றும் நான்கு மணிக்கே தொடங்க வேண்டியிருந்தது. முதல் சுற்று பத்து நிமிடம் இழுத்தால் இரண்டாம் சுற்றும் இழுக்கும், கடைசிக் கலந்தாய்வும் தள்ளிப்போகும். டீயை ஆறாவது ஆளுக்குப் பிறகு மாற்றினேன், முட்டல் போய்விட்டது. இறுதியாக முதல் பேனலுக்கு வந்தது இது:

9:00 – 9:30 பேனல் கூடிக் கேள்விகளைப் பிரித்துக்கொள்வது
9:30 – 10:15 முதல் ஆள்
10:15 – 11:00 இரண்டாவது ஆள்
11:00 – 11:15 டீ
11:15 – 11:30 காலி
11:30 – 12:15 மூன்றாவது ஆள்
12:15 – 1:00 நான்காவது ஆள்
1:00 – 1:15 காலி
1:15 – 2:15 சாப்பாடு, ஷிஃப்ட் மாற்றம்
2:15 – 3:00 ஐந்தாவது ஆள்
3:00 – 3:45 ஆறாவது ஆள்
3:45 – 4:00 டீ
4:00 – 4:30 காலி
4:30 – 5:00 இரண்டு பேனலும் சேர்ந்து கலந்தாய்வு

இரண்டாம் சுற்று பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டரை, பிறகு இரண்டரை, மூன்றேகால், நான்கு மணி என்று அதே வரிசையில் ஆறு பேர்.

காலி நேரத்தை எங்கே வைத்திருக்கிறேன் பாருங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால் பத்துப் பத்து நிமிடமாகத் தூவவில்லை. அப்படித் தூவினால் ஒவ்வொரு பேச்சும் அந்தப் பத்து நிமிடத்தையும் தின்றுவிடும், நேரம் இருக்கிறதே என்று பேனலும் இன்னொரு கேள்வி கேட்கும். இரண்டு பேர் முடிந்ததும் ஒரு டீயோ சாப்பாடோ, அதை ஒட்டி ஒரு காலி. இப்படி வைத்தால் இரண்டு பேரின் தாமதம் ஒன்றாகச் சேர்ந்து அங்கேயே கரையும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு காலி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காலை நேரத்துத் தாமதம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தைக் கடித்துவிடும்.

பேனலிடம் அந்தக் காலி நேரத்தை "காலி" என்று காட்ட வேண்டாம். அவர்களுக்குக் கொடுக்கும் தாளில் "குறிப்பு எழுதும் நேரம்" என்று போடுங்கள். பொய் இல்லை அது. தாமதம் இல்லாவிட்டால் உண்மையிலேயே அதைத்தான் செய்வார்கள். காலி என்று பார்த்தால் அந்த நேரத்தில் ஒரு மீட்டிங் வைத்துவிடுவார்கள்.

எக்செலில் ஓட்டிப் பார்ப்பது

போட்ட அட்டவணை தாங்குமா என்று முந்தைய நாளே சோதித்துப் பார்க்கலாம். A-யில் பெயர், B-யில் திட்டமிட்ட நேரம், C-யில் உண்மையில் தொடங்கும் நேரம், D-யில் எடுக்கும் நிமிடங்கள். டீக்கும் சாப்பாட்டுக்கும் தனி வரிசை வையுங்கள். மதியம் 1:15 என்பதை 13:15 என்று அடியுங்கள், இல்லாவிட்டால் எக்செல் அதை அதிகாலை என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஆளின் தொடக்க நேரத்தை C2-இல் கையால் அடியுங்கள். C3-இல் இதைப் போட்டு கீழே இழுத்துவிடுங்கள்:

```
=MAX(B3, C2+D2/1440)
```

1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள். மேலே சொன்ன "தாமதம் சேரும், மிச்சம் சேராது" என்பதைத்தான் இந்த MAX சொல்கிறது. முந்தையவர் முடித்த நேரம், திட்டமிட்ட நேரம், இரண்டில் எது பிந்தியதோ அப்போதுதான் அடுத்தவர் தொடங்குவார்.

நம் காலைப் பொழுதை ஓட்டிப் பார்ப்போம். பேனலில் ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வருகிறார், ஆகவே C2-இல் 9:40. முதல் ஆளுக்கு 55 நிமிடம், இரண்டாவது ஆளுக்கு 50. இரண்டாவது ஆள் 11:25-க்கு முடிக்கிறார், அதாவது 25 நிமிடம் தாமதம். டீயை வெட்டாமல் 15 நிமிடம் கொடுத்தால் 11:40. மூன்றாவது ஆளுக்குத் திட்டம் 11:30, ஆகவே தாமதம் பத்தாகக் குறைந்துவிட்டது. அவர் 35 நிமிடத்தில் முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் 12:15. நான்காவது ஆள் சொன்ன நேரத்துக்கே உள்ளே போகிறார். அவருக்கு 50 நிமிடம் ஆனாலும் 1:05-க்கு முடியும், சாப்பாடு 1:15-க்குத் தொடங்கும்.

அதே நிமிடங்களை, 11:15 முதல் 11:30 வரையும் ஒன்று முதல் ஒன்றேகால் வரையும் இருக்கும் காலியை எடுத்துவிட்டு, எல்லோரையும் முன்னுக்கு இழுத்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது ஆள் 25 நிமிடம் தாமதமாகத் தொடங்குவார், நான்காவது ஆள் 15 நிமிடம், சாப்பாடு 20 நிமிடம் தள்ளிப்போகும். நடுவில் ஒருவர் பத்து நிமிடம் முன்னதாக முடித்தும் இந்த நிலை. அவர் முடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று D-யில் எண்ணை மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்றுக்கும் இதே மாதிரி ஒரு தாள் போடலாம். அங்கே ஒரு நிபந்தனை கூடுதலாக வரும்: ஆள் முதல் சுற்றிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் இரண்டாவது ஆளின் ஸ்லாட் 11:25-க்கு முடிகிறது. கடைசிப் பத்து நிமிடம் மதிப்பெண்ணும் மாற்றமும்தான் என்பதால் அவர் 11:15-க்கே வெளியே வந்திருப்பார். 11:30-க்கு இரண்டாம் சுற்று தடையில்லாமல் நடக்கும்.

ஐந்தாம் படி: யாருக்கு எந்த ஸ்லாட்

இது அகர வரிசையில் போடும் விஷயம் இல்லை. மதுரை, சேலம் என்று வெளியூரிலிருந்து வருபவர்களை இரண்டாவது, மூன்றாவது ஸ்லாட்டில் வைத்தேன். முதல் ஸ்லாட் கொடுத்தால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும், கடைசி ஸ்லாட் கொடுத்தால் வீடு போய்ச் சேர நள்ளிரவாகும். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். போன் செய்யும்போதே "எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது ஸ்லாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் ஒரு மணிக்கு முன்பே முதல் சுற்றை முடித்துவிடுவார், பிளான்ட் மேனேஜர் இரண்டரைக்குத்தான் வருவார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. உள்ளூரில் இருப்பவருக்கு அதைக் கொடுத்தேன். "நடுவில் காத்திருக்க வேண்டியிருக்கும், மதியச் சாப்பாடு எங்கள் கேன்டீனில், பிறகு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவோம்" என்று முன்பே சொல்லிவிட்டேன். முதல் ஆளுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி வருகிறது, அவருக்கும் சுற்றிக் காட்டுவதுதான். மெயின்டனன்ஸ் வேலைக்கு வருபவர் மெஷின் ஷாப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டாம் சுற்றில் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். அவருக்கும் வேலை எப்படி என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: வரச் சொல்லும் நேரம்

ஸ்லாட் நேரத்தை அப்படியே அனுப்பாதீர்கள். வர வேண்டிய நேரம் ஸ்லாட்டுக்கு அரை மணி முன்பு. எங்கள் இடத்தில் கேட் பாஸ் எழுதி, அடையாள அட்டை காட்டி, செக்யூரிட்டி போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே வரவே பத்து நிமிடம் ஆகும். விண்ணப்பப் படிவம் நிரப்பப் பத்து நிமிடம், அசல் சான்றிதழ் சரிபார்க்கப் பத்து நிமிடம். அரை மணி முன்பு வந்துவிட்டால், முந்தையவர் சீக்கிரம் முடித்தாலும் இவரை உடனே உள்ளே அனுப்ப முடியும். ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்வது தப்பு. எங்கள் வசதிக்காக இன்னொருவரின் நாளை எடுத்துக்கொள்வது அது.

அனுப்பும் செய்தியில் மூன்று நேரம் இருக்க வேண்டும்: வர வேண்டிய நேரம், முதல் சுற்று தொடங்கும் நேரம், கிளம்பக்கூடிய நேரம். மூன்றாவது ஆளுக்கு நான் எழுதியது இப்படி:

"வணக்கம். சனிக்கிழமை காலை 11:00 மணிக்கு மெயின் கேட்டில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பட்டியலில் இருக்கும். முதல் சுற்று 11:30, இரண்டாம் சுற்று 12:30. மதியம் 1:30-க்குள் கிளம்பிவிடலாம், அதற்கேற்ப பஸ் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களும் ஒரு அடையாள அட்டையும் வேண்டும். வருவதை உறுதி செய்ய ஒரு பதில் அனுப்புங்கள்."

இரண்டாம் சுற்று ஒரு மணிக்கு முடியும், நான் ஒன்றரை என்று எழுதினேன். அந்த அரை மணி நேரமும் காலி நேரம்தான், அவருடைய பயணத்துக்காக வைத்தது.

வியாழக்கிழமை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன், வெள்ளி மாலை ஒரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தால் போதாது, "வருகிறேன்" என்ற பதில் வேண்டும். பதில் வராதவரை இன்னொரு முறை கூப்பிடுங்கள். எடுக்கவே இல்லை என்றால் அவர் வரமாட்டார் என்று ஓரளவு தயாராக இருக்கலாம், ஆனால் அந்த ஸ்லாட்டில் இன்னொருவரையும் சேர்த்துக் கூப்பிடாதீர்கள். இருவரும் வந்துவிட்டால் இரண்டு பேருக்குமே அநியாயம்.

அன்றைய நாளை யார் நடத்துவது

அறைக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அவர் எந்தப் பேனலிலும் உட்காரக் கூடாது. அன்று நான் அந்த இடத்தில் இருந்தேன். கையில் ஒரு தாள், ஒவ்வொருவரும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பேனல் கூடியதும் இரண்டு விஷயம் முடிவு செய்தோம். யார் எதைக் கேட்பது: எலக்ட்ரிக்கல் பகுதி சீனியர் இன்ஜினியர், மெக்கானிக்கல் பகுதி ஹெட். இல்லாவிட்டால் இருவரும் மோட்டார் ட்ரிப் ஆவதைப் பற்றியே கேட்பார்கள். அடுத்தது, முப்பதாவது நிமிடத்தில் நான் கதவைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். அதற்கு "இன்னும் ஐந்து நிமிடம்" என்று பொருள். விண்ணப்பதாரருக்கு அது தெரியாது, அவர் பதற்றப்பட மாட்டார்.

மூன்றாவது ஆளின்போது தண்ணீர் வைத்த பிறகும் ஹெட் பேச்சை நிறுத்தவில்லை. எட்டு நிமிடம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தேன். ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஆயில் கசிந்த கதையை ஹெட்தான் சொல்லிக்கொண்டிருந்தார், எதிரில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். தாமதம் என்றால் காரணம் ஒன்றே இல்லை என்று அப்போது புரிந்தது. பேனல் பாடம் நடத்தினால் கதவைத் தட்டித்தான் நிறுத்த வேண்டும். கேள்வியே பெரிதாக இருந்தால், உதாரணமாக "நீங்கள் பார்த்த பெரிய பிரேக்டவுனை முழுதாகச் சொல்லுங்கள்" என்பது மாதிரி இருந்தால், எல்லோருக்கும் இழுக்கும். டீ இடைவேளையில் அந்தக் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் உண்மையிலேயே திறமையானவர், இன்னும் கேட்க வேண்டும் என்றால், மீதியை ஒரு சீட்டில் எழுதி இரண்டாம் சுற்றுப் பேனலுக்கு அனுப்பலாம். அப்படி இரண்டு சீட்டு அன்று கை மாறியது.

யாராவது தாமதமாக வந்தால் பதினைந்து நிமிடம் வரை காத்திருப்போம். அதற்குள் அடுத்தவர் வந்து காத்திருந்தால் அவரிடம் கேட்டு, சம்மதித்தால் இடம் மாற்றிவிடலாம். பதினைந்துக்கு மேல் போனால் அந்தப் பேச்சைச் சுருக்கி நடத்த வேண்டாம், வேறு நாள் கொடுங்கள். இருபது நிமிடத்தில் பேசி ஒருவரை நிராகரிப்பதைவிட அது நல்லது.

எங்கள் பக்கத் தாமதம் இருபது நிமிடத்தைத் தாண்டினால், காத்திருப்பவர்களிடம் நேரில் போய் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள். இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பாத உள்ளூர்க்காரருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். "இதோ ஐந்து நிமிடம்" என்று மூன்று முறை சொல்வதைவிட "இருபத்தைந்து நிமிடம் ஆகும்" என்று ஒரு முறை சொன்னால் அவர் ஒரு காபி குடித்துவிட்டு நிம்மதியாக வருவார்.

நாலரைக் கலந்தாய்வை எந்தக் காரணத்துக்காகவும் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள். நான்கு மணி முதல் நாலரை வரையிலான காலியை அதற்காகவே அகலமாக வைத்தேன். எங்கள் நாளில் கடைசி ஆள் ஒன்பது நிமிடம் தாமதமாக முடித்தார், கலந்தாய்வு நாலு நாற்பதுக்குத் தொடங்கி ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு முடிந்தது. மதிப்பெண்கள் முன்பே எழுதப்பட்டிருந்ததால் நான்கு பேரைப் பற்றி அதிகம் பேசவே வேண்டியிருக்கவில்லை. நேரம் முழுவதும் கருத்து வேறுபட்ட இரண்டு பேருக்குப் போனது.

ஆறு மணிக்கு என் தாளில் இருந்த உண்மையான நேரங்களை எக்செலின் D-யில் அடித்தேன். மதிப்பெண் எழுதும் நேரத்தையும் சேர்த்து முதல் சுற்றுக்குச் சராசரியாக 48 நிமிடம் ஆகியிருந்தது, ஒருவருக்கு மட்டும் 58. அடுத்த முறை இதே பேனலுக்கு ஸ்லாட் ஐம்பது நிமிடம். அப்படியென்றால் ஆறு பேருக்கு 300 நிமிடம், காலி நேரம் முப்பதுதான் மிஞ்சும். ஐந்து பேரைத்தான் கூப்பிடப் போகிறேன்.